சுடச்சுடப் பரிமாறும்போது தட்டு என்ன செய்கிறது?

நாங்கள் தஞ்சாவூர் பக்கம் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுக்கும் குடும்பம். அப்பா காலத்தில் சாப்பாடு என்றால் பந்தி, பந்தி என்றால் வாழை இலை. என் காலத்தில் நின்றுகொண்டு சாப்பிடும் பஃபே வந்தது. அதோடு எந்தத் தட்டு வாங்குவது என்ற கேள்வியும் வந்தது. வீட்டுக்காரர்கள் தட்டின் விலையையும் அழகையும் கேட்பார்கள். சூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நான் முதலில் பார்ப்பது சூட்டைத்தான். ஏன் என்பதை, இதைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

தெர்மாகோல் தட்டுக்குத் தடை வருவதற்கு முந்தைய ஆண்டு ஒரு காதணி விழா. சமையல் எங்களுடையது, தட்டும் கிண்ணமும் வீட்டுக்காரர்கள் வாங்கியவை. ரசத்தை அடுப்பிலிருந்து இறக்கி, நெய்யில் கடுகும் மிளகும் தாளித்துக் கொட்டிய கையோடு தெர்மாகோல் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். ஒரு சிறுமி குடித்துவிட்டு வைத்த கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். நெய் மிதந்து நின்ற கோட்டில், உட்சுவரைச் சுற்றி ஒரு வளையம் விழுந்திருந்தது. வளையத்துக்கு மேலே சுவர் வழவழப்பாக இருந்தது. வளையம் இருந்த இடத்தில் மட்டும் சுருங்கி, விரலால் தடவினால் சொரசொரத்தது. ரசம் முழுவதும் ஒரே சூடுதான். ஆனால் தண்ணீர் தொட்ட இடத்தில் ஒன்றும் ஆகவில்லை, நெய் தொட்ட இடத்தில் சுவர் அரிக்கப்பட்டிருந்தது. அன்றைக்குத்தான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினேன்.

கசிவு என்றால் என்ன?

உணவு படும் எந்தப் பொருளும் தன்னிடமிருந்து கொஞ்சத்தை உணவுக்குக் கொடுக்கும். புளியை வைத்த பித்தளைப் பாத்திரம் களிம்பு ஏறுவதும், புது மண்சட்டியில் முதல் குழம்பு மண் வாசனை அடிப்பதும் இந்த வகைதான். தட்டிலிருக்கும் பொருள் உணவுக்குள் இறங்குவதைக் கசிவு என்று வைத்துக்கொள்வோம். கசிவே இல்லாத தட்டு கிடையாது. எது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கேள்வி.

நான்கு விஷயங்கள் கசிவைக் கூட்டும். முதலாவது சூடு. சூடு ஏறினால் பொருளுக்குள் இருக்கும் சின்ன மூலக்கூறுகள் வேகமாக நகரும், வெளியே வர வழி கிடைக்கும். இரண்டாவது எண்ணெயும் நெய்யும். பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வருவது, அதுவும் எண்ணெய்க் குடும்பம்தான். அதனால் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் பொருள்கள் தண்ணீரைவிட நெய்யில் எளிதாகக் கரையும். மூன்றாவது புளிப்பு. நான்காவது, உணவு தட்டில் கிடக்கும் நேரம். நம் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். கொதிக்கும் சாம்பார், அதில் புளி, மேலே நெய், அதை வைத்துக்கொண்டு இருபது நிமிடப் பேச்சு. நான்கும் ஒரே தட்டில் சேர்ந்துவிடுகின்றன.

இந்தியாவில் பிளாஸ்டிக் பொருள்களை உணவுக்கு ஏற்றவை என்று சான்று தருவதற்கு ஒரு பரிசோதனை உண்டு. நீர், 3 சதவீத அசெட்டிக் அமிலம், எண்ணெய்ப் பண்டத்துக்குப் பதிலாக ஹெப்டேன் என்று வெவ்வேறு திரவங்களில், குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நேரம் பிளாஸ்டிக்கை வைத்து, எவ்வளவு இறங்கியது என்று எடை பார்ப்பார்கள். ஒரு சதுர டெசிமீட்டருக்கு, அதாவது உள்ளங்கை அளவு பரப்புக்கு, 10 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பில் சிறு பங்குதான் அது. இதில் கவனிக்க வேண்டியது, சான்று அந்தச் சூட்டுக்கும் அந்த நேரத்துக்கும் மட்டுமே உரியது என்பது. குளிர்ந்த தயிருக்கு என்று சோதித்த டப்பாவில் கொதிக்கும் குருமாவை ஊற்றினால் அந்தச் சான்று ஒன்றும் சொல்லாது. கடையில் 'ஃபுட் கிரேடு' என்று சொன்னால், எந்தச் சூட்டுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும்

தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கை நுரைக்க வைத்தது. அதன் கன அளவில் தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் வெறும் காற்று. அதனால்தான் கையில் சுடாது, எடையே தெரியாது. ஆனால் பாலிஸ்டைரீன் நூறு டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். சாம்பார் அடுப்பை விட்டு இறங்கும்போது அந்தச் சூட்டுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. தாளிப்பு கரண்டியில் இருக்கும் நெய் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது.

கிண்ணத்தில் விழுந்த வளையம் எப்படி வந்தது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம், அடுப்புகூட வேண்டாம். பழைய டி.வி. பெட்டியில் வந்த தெர்மாகோல் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சுத் தோலையோ எலுமிச்சைத் தோலையோ மடித்து அதன்மேல் பிழியுங்கள். தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் சற்று நேரத்தில் சின்னச் சின்னக் குழி விழும். அந்தத் தோல் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடுகிறது. நெய் இந்த அளவுக்குக் கரைக்காது. ஆனால் சூட்டோடு சேரும்போது அதுவும் உள்ளே ஊடுருவிச் சுவரை இளக்கும்.

அப்படி இளகும்போது வெளியே வருவதில் முக்கியமானது ஸ்டைரீன். பாலிஸ்டைரீன் செய்யும் மூலப்பொருள் அது. தயாரிப்பில் முழுவதும் இணையாமல் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018-ல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதற்கு வாய்ப்பு அதிகம் என்ற வகையில் சேர்த்தது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்த மனிதத் தரவுகள் பெரும்பாலும் ஸ்டைரீன் ஆவியைச் சுவாசித்த தொழிற்சாலைத் தொழிலாளர்களைப் பற்றியவை. ஒரு நாள் விருந்தில் ஒரு கிண்ணம் ரசம் குடித்தவருக்கு நோய் வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சூடும் நெய்யும் சேர்ந்த சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருந்தாத தட்டு வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

பிளாஸ்டிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. நல்ல பாலிபுரோப்பிலீன் டப்பா நூற்றறுபது டிகிரி பக்கம்தான் உருகும், சாம்பாருக்கு அசையாது. டிபன் கடைகளில் எவர்சில்வர் தட்டின்மேல் விரிக்கும் மெல்லிய பாலிதீன் தாள் வேறு. அது நூறு டிகிரிக்குச் சற்று மேலேயே உருகக்கூடியது, அதற்கு முன்பே தொய்ந்துவிடும். சுடு இட்லியை எடுக்கும்போது தாள் இட்லியோடு ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாள் விரித்து இட்லி அவிப்பது தெரிய வந்து, 2025-ல் கர்நாடக அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தது.

நான் அதிகம் அஞ்சுவது காகிதம் என்ற பெயரில் வரும் பிளாஸ்டிக்கைத்தான். பச்சை நிறத்தில் வாழை இலை போல அச்சடித்த 'பேப்பர் இலை', வெள்ளிப் பூச்சு போட்ட காகிதத் தட்டு, டீ குடிக்கும் காகிதக் கப் எல்லாவற்றிலும் உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் காகிதக் கப்பில் 100 மில்லிலிட்டர் சுடுநீரை, 85 முதல் 90 டிகிரி சூட்டில், 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் நீரில் இறங்கியிருந்தன. தட்டைக் கிழித்துப் பாருங்கள். காகிதம் கிழிந்த பிறகும் ஒரு படலம் மட்டும் இழுபட்டு நீண்டு வந்தால் அது பிளாஸ்டிக் பூச்சு.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் கப்பும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும் தடை செய்யப்பட்டவை. தடைக்கு முக்கியக் காரணம் குப்பை. என் காரணம் அதற்கு முன்பே, சாம்பார் விழும் நொடியிலேயே தொடங்குகிறது.

கரும்புச் சக்கைத் தட்டு

ஆலையில் கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை கரும்பின் எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் இருக்கும், அதில் பாதி ஈரம். பெரும்பகுதியை ஆலைகளே கொதிகலனில் எரித்துவிடுகின்றன. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980-களிலிருந்து இந்தச் சக்கையில் காகிதம் செய்கிறது. தட்டும் அதே வழியில் வருவதுதான். சக்கையை வேகவைத்துக் கூழாக்கி, நீரில் கரைத்து, சல்லடை அச்சின்மேல் உறிஞ்சிப் படிய வைத்து, சூடான அச்சில் அழுத்திக் காயவைக்கிறார்கள்.

இதில் பசையே இல்லை. நார்கள் ஈரமாக இருந்து காயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன, அந்தப் பிடிப்பே தட்டு. காகிதமும் அப்படித்தான் நிற்கிறது. ஈரத்தில் பிறந்த பிடிப்பு என்பதால் ஈரத்தில் விட்டும் போகும். எந்தப் பூச்சும் இல்லாத சக்கைத் தட்டில் சுடு ரசத்தை ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் அடிப்பாகம் தளர்ந்துவிடும். தட்டை எடுத்தால் கீழே மேசை வியர்த்திருக்கும். சிலர் ஓட்டை என்று நினைக்கிறார்கள். ஓட்டை அல்ல, நீராவி நார்களின் இடைவெளி வழியே இறங்கி, குளிர்ந்த மேசையில் நீராகிறது.

இதைத் தடுக்கத்தான் உற்பத்தியாளர்கள் கூழிலேயே சில பொருள்களைச் சேர்க்கிறார்கள். தண்ணீரைத் தடுக்க ஒன்று, காகிதத் தொழிலில் நெடுங்காலமாக இருப்பது, அதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. எண்ணெயைத் தடுக்க என்ன சேர்த்தார்கள் என்பதே கேள்வி. உலகம் முழுவதும் பல ஆண்டுகள் அதற்குப் பயன்பட்டவை பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் புளோரின் சேர்ந்த வேதிப்பொருள்கள். ஒட்டாத தோசைக்கல்லின் பூச்சும் இந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததே. மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குபவை இவை. சில வகைகள் உடம்பிலும் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. டென்மார்க் 2020-ல் உணவு படும் காகிதப் பொருள்களில் இவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் எண்ணெய் தடுக்கும் இந்தப் பொருள்களை உணவுப் பொதிக்காக விற்பது நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. சக்கை மண்ணில் மட்கிப் போகும், இவை போகா. மக்கும் தட்டு என்று உரக்குழியில் போட்டால், உரத்தோடு சேர்ந்து தோட்டத்துக்குப் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகம்தான் முடிவு சொல்லும். ஆனாலும் ஒரு துளி நல்லெண்ணெய் நிறையச் சொல்லும். தட்டின்மேல் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். சொட்டு மெதுவாகப் பரவிக் கறையாக ஊறினால் எண்ணெய்த் தடுப்பு இல்லை. தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டையாக நின்று, சாய்த்தால் உருண்டு ஓடினால், பி.எஃப்.ஏ.எஸ். இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தண்ணீர் உருண்டு நிற்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது சாதாரண நீர்த்தடுப்பாக இருக்கலாம். எண்ணெய் உருள்வதுதான் அடையாளம். இன்னொரு வகையில், சக்கைக் கிண்ணத்துக்குள் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அது சோளத்திலிருந்து எடுத்த மக்கும் பிளாஸ்டிக் என்பார்கள். அதில் பல அறுபது டிகிரி பக்கமே இளகிவிடும், சுடு சாம்பாருக்கு ஆகாது.

என் அனுபவத்தில் பூச்சில்லாத சக்கைத் தட்டு இட்லி, பொங்கல், கலந்த சாதம், வடை ஆகியவற்றுக்கு நன்றாக நிற்கிறது. இருபது நிமிடத்தில் முடியும் சாப்பாட்டுக்கு அது போதும். குழம்பு தேங்கும் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

பாக்கு மட்டையில் உள்ள பிரச்சினை

பாக்கு மட்டைத் தட்டை நான் நெடுநாள் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைத்தேன். செய்முறை அவ்வளவு எளிமையானது. பாக்கு மரம் ஆண்டுக்கு ஐந்தாறு மட்டைகளைத் தானாகவே உதிர்க்கும். ஓலை மரத்தைத் தழுவியிருந்த அகன்ற அடிப்பகுதிதான் மட்டை. அதைப் பொறுக்கி, காயவைத்து, பிறகு நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் சற்றுக் குறைந்ததும் சூடான இரும்பு அச்சில் அழுத்தி, ஓரம் வெட்டுகிறார்கள். கூழாக்குவதில்லை, ஒட்டுவதில்லை. மட்டை மட்டையாகவே இருந்து வடிவம் மட்டும் மாறுகிறது. அதனால் சுடு ரசத்தில் கூழாகக் கரையாது, கையிலும் சுடாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் வேளாண் துணைப்பொருள்களில் செய்யும் உணவுத் தட்டுகளுக்கு ஐ.எஸ். 18267 என்ற தர நிர்ணயம் கொண்டுவந்தது. வேதிப்பொருள், பிசின், பசை சேர்க்கக் கூடாது என்று அது சொல்கிறது.

2025 மே மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைத் தட்டுகளின் இறக்குமதிக்கு எச்சரிக்கை விடுத்தது. பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள், அதாவது செடிகளே உண்டாக்கும் ஒரு வகை வேதிப்பொருள்கள், மட்டையிலும் இருக்கின்றன, அவை உணவுக்குள் இறங்கக்கூடும் என்பது காரணம். மட்டைத் தட்டு செய்து ஏற்றுமதி செய்தவர்களுக்கு அது பெரிய அடி. வெளிநாட்டுக்காரர்கள் நம் பொருளை ஒதுக்குகிறார்கள் என்ற கோபம் எனக்கும் வந்தது. கோபம் ஆறியதும் அடுப்படிக்குப் போய் ஒன்று செய்து பார்த்தேன்.

நன்றாகக் கழுவிய மட்டைக் கிண்ணம் ஒன்றில் கொதிநீர் ஊற்றி இருபது நிமிடம் மூடி வைத்தேன். பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்திலும் அதே நீர். வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் இரண்டையும் கொட்டிப் பார்த்தால் மட்டைக் கிண்ணத்து நீர் லேசான டீ நிறம். முகர்ந்தால் ஈரச் சருகு வாசனை. அது அரிகோலினின் நிறம் அல்ல. மட்டையின் துவர்ப்புப் பொருள்களின் நிறம். ஆனால் மட்டையிலிருந்து சுடுநீருக்கு ஏதோ இறங்குகிறது என்பதற்கு அதைவிடக் கண்கண்ட சாட்சி வேண்டாம்.

அரிகோலின் நீரில் நன்றாகக் கரையக்கூடியது. ஆல்கலாய்டுகள் புளிப்பில் இன்னும் எளிதாகக் கரைகின்றன. அப்படியென்றால் பிளாஸ்டிக்குக்கு நெய் எப்படியோ, மட்டைக்குப் புளி ரசம் அப்படி. பாக்கு மெல்லுவதைப் பன்னாட்டுப் புற்றுநோய் முகமை உறுதியான புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்திருக்கிறது, அரிகோலினை மட்டும் தனியாக எடுத்து 2020-ல் சந்தேகத்துக்குரிய வகையில் வைத்தது. பாக்கை நாள்தோறும் வாயில் அடக்கி மெல்லுவதும், மட்டைத் தட்டில் ஒரு வேளை சாப்பிடுவதும் ஒன்றல்ல. ஒன்று என்று பயமுறுத்துவது தவறு. இயற்கைப் பொருள், ஆகவே ஒன்றும் இறங்காது என்று சொல்வதும் தவறு. நான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்வதில்லை. மட்டைத் தட்டில் சாதம், பொரியல், பூரி, பிரியாணி வைக்கிறேன். ரசமும் புளிக்குழம்பும் பாயசமும் மட்டைக் கிண்ணத்தில் ஊற்றுவதில்லை. நாள்தோறும் அதில் சாப்பிட வேண்டாம் என்றும் சொல்கிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பூஞ்சை. மழைக்காலத்தில் நனைந்த மட்டை சரியாகக் காயாமல் அச்சுக்குப் போனால், அல்லது தட்டுக் கட்டு ஈர அறையில் கிடந்தால், கறுப்பும் பச்சையுமாகப் பொடிப்புள்ளிகள் வரும். கட்டைப் பிரித்ததும் மூக்குக்கு அருகே கொண்டுபோங்கள். பழைய கோணிச் சாக்கு நாற்றம் வந்தால் அந்தக் கட்டையே திருப்பி அனுப்புங்கள். கழுவினால் போகாது. மட்டைக்கு இயல்பாகவே பழுப்புக் கோடுகளும் திட்டுகளும் உண்டு, அவை நாரோடு சேர்ந்தவை, நகத்தால் சுரண்டினால் வராது. பூஞ்சை வரும். எல்லாத் தட்டும் ஒரே வெள்ளையாக இருந்தாலும் ஐயப்படுங்கள். எந்த மரமும் ஒரே நிறத்தில் மட்டை உதிர்ப்பதில்லை.

வாழை இலை ஏன் தாங்குகிறது?

இலையைக் கையில் எடுத்து அடிப்பக்கம் பாருங்கள், வெள்ளை மாவு பூசியதுபோல இருக்கும். அது மெழுகு. மேற்பக்கத்திலும் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. அதனால்தான் தெளித்த தண்ணீர் ஊறாமல் முத்து முத்தாக நிற்கிறது. உள்ளே உயிருள்ள செல்கள், அவற்றில் நிறைய நீர். சுடுசாதம் விழுந்ததும் இலையின் இந்த ஈரம் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இலை எரியாது, உருகாது, கரையாது.

ஆனால் மாறும். சாதத்தை ஒதுக்கிப் பார்த்தால், பட்ட இடம் பளீர்ப் பச்சையிலிருந்து மங்கிய ஆலிவ் நிறமாகியிருக்கும். சூடு பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தைக் கழற்றிவிடுவதால் அந்த நிறம். கீரை அதிகம் வெந்தால் நிறம் மங்குவதும் இதே காரணத்தால்தான். இலையின் வாசனையும் கொஞ்சம் சாதத்தில் ஏறும். கசிவு இங்கேயும் இருக்கிறது. ஆனால் இறங்குவது பல தலைமுறையாகச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டு வந்த ஒன்று. செயற்கையாக எதுவும் இலைக்குள் வைக்கப்படவில்லை.

வெளியே வைக்கப்படலாம், அதைக் கவனிக்க வேண்டும். இலைக்காகவே பூவன் பயிரிடும் தோட்டங்களில் சிகடோகா என்ற இலைப்புள்ளி நோய்க்கு மருந்து அடிப்பது உண்டு. ஒரு புள்ளி இருந்தாலும் இலை விலை போகாது என்பதால் அடிக்கிறார்கள். ஆகவே பந்தியில் தண்ணீர் தெளித்துக் கையால் வழிப்பது மட்டும் போதாது. நாங்கள் முதல் நாளே இலைகளை இரு பக்கமும் ஈரத் துணியால் துடைத்து, நல்ல நீரில் அலசி எடுக்கிறோம். மேற்பக்கம் மட்டும் துடைத்தால், அடுக்கும்போது ஒன்றின் அடிப்பக்க அழுக்கு இன்னொன்றின் மேற்பக்கம் ஒட்டும்.

இலையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஓரம் இல்லாததால் ரசம் ஓடும். நின்றுகொண்டு கையில் ஏந்த முடியாது. பக்க நரம்புகள் இணையாக ஓடுவதால் ஒரு சின்ன வெடிப்பு விளிம்பிலிருந்து நடு நரம்புவரை கிழித்துக்கொண்டு போகும். முகூர்த்த நாளில் விலை ஏறும். கோடையில் கட்டு கட்டாக வெயிலில் நின்றால் மதியத்துக்குள் வாடிச் சுருளும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

கிழிவதற்கு மருந்து அனல். இலையை அடுப்புத் தணலுக்கு மேலே காட்டி மெதுவாக நகர்த்துங்கள். மங்கிய பச்சை ஓர் அலைபோல அடர்ந்த, பளபளப்பான பச்சையாக மாறிக்கொண்டே போகும். மெழுகு இளகிப் பரவுகிறது, விறைப்பாக இருந்த செல்கள் தளர்கின்றன. பிறகு துணிபோல மடியும். கட்டுச்சோற்றுக்கு இலையை வாட்டுவது இதற்காகத்தான்.

ஒரு கிரகப்பிரவேசக் கணக்கு

சென்ற தை மாதம் ஒரு கிரகப்பிரவேசம், இருநூறு பேர். மொட்டைமாடியில் மேசை போட்டு நூற்றிருபது பேர் உட்காரலாம், மற்ற எண்பது பேர் கீழே நின்று சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர் அம்மாள் எல்லோருக்கும் மட்டைத் தட்டும் மட்டைக் கிண்ணமும் என்று முடிவு செய்திருந்தார். நான் கணக்கை மாற்றிக் கொடுத்தேன்.

உட்காருபவர்களுக்கு நுனி இலை. கிழிசல், ஓட்டை கழிவதற்குப் பத்து சதவீதம் கூட்டி நூற்று முப்பத்திரண்டு. நிற்பவர்களுக்குப் பன்னிரண்டு அங்குல மட்டைத் தட்டு. அதன் உள்ளே, வட்டமாக வெட்டிய வாழை இலை. மட்டை பாரத்தையும் சூட்டையும் கைக்காகத் தாங்கிக்கொள்ளும், உணவு தொடுவது இலையை மட்டும். பெரிய இலை ஒன்றில் நடு நரம்புக்கு இரு புறமும் சேர்த்து நான்கைந்து வட்டம் கிடைக்கும். எண்பதுக்கு மேல் பத்து கூட்டி, தொண்ணூறு வட்டத்துக்கு இருபது இலைகள் போதும் என்று கணக்கிட்டோம். வட்டத்தை வெட்டுவதற்கு முன் இலையை வாட்டினோம். வாட்டாமல் வெட்டிய இலை தட்டின் குழிவுக்கு வளையும்போது வெடித்து, ரசம் அடியில் இறங்கிவிடும். இரண்டு தட்டில் அப்படி ஆனதைப் பார்த்த பிறகுதான் எங்கள் பையன்கள் எல்லா இலையையும் வாட்டினார்கள். ரசத்துக்கும் பாயசத்துக்கும் எவர்சில்வர் டம்ளர், பாத்திர வாடகைக் கடையிலிருந்து. ஒன்றுமே இறங்காததற்கு மிக அருகில் வரும் பாத்திரம் எவர்சில்வர்தான். கழுவ இரண்டு ஆள் இருந்தால் எனக்கு முதல் தேர்வும் அதுதான்.

சாம்பாரை அடுப்பிலிருந்து நேரே தட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அண்டாவிலிருந்து வாளிக்கு மாற்றிச் சற்று வைத்து, தெர்மாமீட்டரில் எழுபத்தைந்து டிகிரிக்குக் கீழே வந்த பிறகு பரிமாறச் சொன்னேன். சாப்பிடுபவருக்கு அப்போதும் அது சுடச்சுடத்தான்.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு கூடைகள் வைத்தோம். இலைகளும் வட்டங்களும் ஒன்றில், மட்டைத் தட்டுகள் இன்னொன்றில். தண்ணீர் கொடுக்கப் பிளாஸ்டிக் கப் வைக்கவில்லை, அதனால் இலைக்கூடையில் பிளாஸ்டிக் கலக்கவில்லை. கலந்திருந்தால் மாட்டுக்குப் போட முடியாது, வயிற்றில் தங்கிக் கொன்றுவிடும். பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவர் மாலையில் வந்து இலைகளை எடுத்துப் போனார். மட்டைத் தட்டுகளைத் துண்டுகளாக உடைத்து, வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்த குழியில் சாணக் கரைசல் தெளித்து மண் போட்டு மூடினோம். முழுத் தட்டாகப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து, நடுவில் காற்றும் ஈரமும் போகாமல் அப்படியே கிடக்கும். மூன்று மாதம் கழித்துத் தென்னங்கன்று வைக்க அந்தக் குழியைக் கிளறியபோது, ஓரத்து நார்கள் சில மட்டும் விரலில் தட்டுப்பட்டன.